முப்பத்து மூன்று பைசா

போன வாரம் தம்மாமிலிருந்து அண்ணன் மகன் பேசினான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறதாம். "சித்தப்பா, என்.ஆர்.இ.ல போடவா, எப்.சி.என்.ஆர்.ல போடவா? நீங்க பேங்க்ல இதே சீட்டுலதான இருந்திய?" என்று கேட்டான். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். இப்போது, "ஒரு தாளை எடுத்து வச்சுக்கிட்டு சாயங்காலம் கூப்பிடு" என்றேன். ஏன் அப்படிச் சொல்லப் பழகினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு வங்கிக் கிளையில் கடைசிச் சில வருடங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி, கடையநல்லூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். விடுமுறையில் வந்தவர்கள் நேரில் வருவார்கள். மற்றவர்களுக்காக அப்பாவோ மாமனாரோ பாஸ்புக்கோடு வருவார்கள். அவர்கள் எல்லாருக்கும் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி என்.ஆர்.இ. டெபாசிட். வெளிநாட்டுப் பணம் வந்த அன்றே ரூபாயாக மாறிவிடும். ரூபாய்க்கு ரூபாயில் வட்டி. வேண்டும்போது அசலையும் வட்டியையும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் எடுக்கும் அன்றைய விலையில்தான் டாலர் கிடைக்கும். இரண்டாவது வழி எப்.சி.என்.ஆர். டெபாசிட். இதில் பணம் டாலராகவே இருக்கும், வட்டியும் டாலரில். ஒரு வருடத்துக்குக் குறையாமல், ஐந்து வருடத்துக்கு மிகாமல் போடலாம். இரண்டிலும் ஒரு வருடம் முடியுமுன் உடைத்தால் வட்டி கிடையாது. வெளிநாட்டில் குடியிருக்கும் வரை இரண்டு வட்டிக்கும் இங்கே வருமான வரி கிடையாது. ஆகவே வரியைக் காரணம் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. மிஞ்சுவது இரண்டே விஷயம்: வட்டி, டாலர் விலை.

வளைகுடாவில் இருப்பவர்கள், "எங்க சம்பளம் திர்ஹம்தானே, டாலர் எதுக்கு?" என்று கேட்பார்கள். திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்றே நிற்கிறது. சவூதி ரியால் 1986 முதல் 3.75. பெயர்தான் வேறு, அவர்கள் வாங்கும் சம்பளம் டாலர் சம்பளம்தான். எப்.சி.என்.ஆரில் டாலராகப் போட்டால் சம்பளம் வாங்கிய இடத்திலேயே பணம் நிற்கிறது என்று அர்த்தம். என்.ஆர்.இ.யில் போட்டால் அன்றைக்கே அது ரூபாயின் ஏற்ற இறக்கத்துக்குள் வந்துவிடுகிறது.

இனி என் மச்சினன் கதைக்கு வருகிறேன். வீரவநல்லூர்க்காரன். ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காகப் போய் சூப்பர்வைசர் ஆனவன். 2011 ஜூலையில் அவனிடம் 20,000 டாலருக்குச் சமமான பணம் சேர்ந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவன் கனவு. "அத்தான், எதுல போடணும்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

அப்போது இரண்டு டெபாசிட்டுக்கும் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருந்தது. லண்டன் சந்தை வட்டியான லைபாருக்கு மேல் எப்.சி.என்.ஆருக்கு ஒரு சதவீதம் வரை கொடுக்கலாம், என்.ஆர்.இ.க்கு ஒன்றே முக்கால் சதவீதம் வரை கொடுக்கலாம். அதாவது இரண்டுக்கும் இடைவெளி வெறும் முக்கால் சதவீதம். ஒரு வருட டெபாசிட்டுக்கு என்.ஆர்.இ. 2.45 சதவீதம், எப்.சி.என்.ஆர். 1.7 சதவீதம் என்று எங்கள் பட்டியலில் இருந்தது. டாலர் விலை நாற்பத்து நாலரை ரூபாய். ஒன்றரை வருடமாக அது நாற்பத்து நாலுக்கும் நாற்பத்து ஏழுக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. வட்டி எங்கே கூடுதலோ அங்கே போடு என்றேன். போட்டான். 20,000 டாலர் 8 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் ஆனது.

ஆகஸ்டில் ஐரோப்பியக் கடன் பயம் உலகத்தையே பிடித்தது. செப்டம்பரில் டாலர் நாற்பத்து ஒன்பதைத் தொட்டது. நவம்பரில் ஐம்பதைத் தாண்டிவிட்டது. 2012 ஜூலையில் டெபாசிட் முதிர்ந்தபோது டாலர் ஐம்பத்தைந்தரை. அவன் கணக்கில் வட்டியோடு 9 லட்சத்து 12 ஆயிரம் இருந்தது. எப்.சி.என்.ஆரில் போட்டிருந்தால் 20,345 டாலர் இருந்திருக்கும். ரூபாயில் 11 லட்சத்து 29 ஆயிரம். வித்தியாசம் 2 லட்சத்து 17 ஆயிரம். முக்கால் சதவீத வட்டிக்காக.

அவன் போனில் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான், "தம்பி வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுல்லா" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வருடமே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

கணக்கு இதுதான். என்.ஆர்.இ.யில் முதிர்வில் வரும் ரூபாயை எப்.சி.என்.ஆரில் முதிர்வில் வரும் டாலரால் வகுக்க வேண்டும். 9,12,000-ஐ 20,345-ஆல் வகுத்தால் 44 ரூபாய் 83 பைசா. இதற்கு என்ன பொருள்? ஒரு வருடம் கழித்து டாலர் 44.83-க்குக் கீழே இருந்தால் என்.ஆர்.இ. லாபம். அதற்கு மேலே போனால் எப்.சி.என்.ஆர். லாபம். நாங்கள் போட்ட அன்று விலை 44.50. நடுவில் இருந்தது முப்பத்து மூன்று பைசா. டாலர் விலை முப்பத்து மூன்று பைசா ஏற ஒரு நாள் காலை போதும். அந்தச் சின்ன இடைவெளியை நம்பி ஒரு வருடத்துக்கு அவன் பணத்தை ரூபாயில் கட்டிப்போட்டிருந்தேன்.

எனக்கு அப்போது எங்கள் அப்பா ஞாபகம் வந்தார். ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. குத்தகைக்கு விடும்போதெல்லாம் வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். நெல்லாக அளக்கச் சொல்வதா, பணமாக வாங்குவதா? பணமாகக் கொடுப்பவர் அன்றைய நெல் விலையை விடக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அப்பா கேட்பது ஒரே கேள்வி: "கூட்டித் தாரது எவ்வளவு? நெல்லு விலை ஏறுனா அது தாங்குமா?" தாங்காது என்று பட்டால் கோட்டைக் கணக்கில் நெல்லாகவே அளந்து வாங்குவார். என்.ஆர்.இ.யில் கிடைக்கும் கூடுதல் வட்டியும் இதே மாதிரிதான். அது இனாம் அல்ல. ரூபாய் விழுந்தால் அந்த நஷ்டத்தை நீ ஏற்றுக்கொள்வதற்காகக் கொடுக்கும் கூலி. கூலி போதுமா என்று பார்க்காமல் சுமையைத் தூக்கக் கூடாது.

சுமையை யாராவது ஒருவர் தூக்கித்தான் ஆக வேண்டும் என்பதற்கு இந்த டெபாசிட்களின் வரலாறே சாட்சி. 1975-இல் முதன்முதலாக வெளிநாட்டு நாணய டெபாசிட் வந்தபோது மாற்று விலை நஷ்டத்தை ரிசர்வ் வங்கி தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது அந்த நஷ்டம் பெரிதாகிப் போனது. 1993-இல் எப்.சி.என்.ஆர்.(பி) என்று புதிய திட்டம் கொண்டுவந்து, இனி இந்த நஷ்டம் வங்கிகளுடையது என்றார்கள். பழைய திட்டத்தை 1994-இல் மூடினார்கள். டாலரில் வாங்கி டாலரில் திருப்ப வேண்டிய வங்கி, தன்னைக் காத்துக்கொள்ள முன்பேர விலைக்கு ஒரு செலவு செய்கிறது. அதனால்தான் எப்.சி.என்.ஆர். வட்டி குறைவு. என்.ஆர்.இ.யில் அந்தச் செலவு வங்கிக்கு இல்லை. ஏனென்றால் அங்கே சுமை டெபாசிட்தாரர் தலையில்.

மறுபடி 2012 ஜூலைக்கு வருவோம். மச்சினன் சூடு பட்டவன். "அத்தான், இருக்கிறத டாலரா மாத்திப் போட்டுருங்க. ரூபாயே வேண்டாம்" என்றான். நியாயமான கோபம். ஆனால் இந்த முறை கணக்குப் போடாமல் அசையக் கூடாது என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

இடையில் ஒரு பெரிய மாற்றம் வந்திருந்தது. 2011 டிசம்பரில் என்.ஆர்.இ. வட்டியின் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. உள்ளூர் டெபாசிட்டுக்குக் கொடுப்பதைப் போலவே கொடுக்கலாம் என்றார்கள். இரண்டரை சதவீதமாக இருந்த வட்டி ஒன்பது சதவீதத்துக்குப் போனது. எப்.சி.என்.ஆர். உச்சவரம்பையும் கூட்டியிருந்தார்கள், ஐந்து வருடத்துக்கு 3.9 சதவீதம் கிடைத்தது. முக்கால் சதவீதமாக இருந்த இடைவெளி இப்போது ஐந்து சதவீதத்துக்கும் மேல்.

தாளில் இரண்டு வரி எழுதினேன். 9 லட்சத்து 12 ஆயிரத்தை அப்படியே என்.ஆர்.இ.யில் ஐந்து வருடம் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்ந்து 14 லட்சத்து 23 ஆயிரம் வரும். டாலராக மாற்றினால், வங்கியின் விற்பனை விலையில் 16,400 டாலர்தான் கிடைக்கும். 20,000 டாலரை விற்றவன் அதே பணத்தில் 16,400 டாலர் வாங்குகிறான். அதை எழுதும்போது கை கூசியது. அந்த 16,400 டாலர் 3.9 சதவீதத்தில் ஐந்து வருடத்தில் சுமார் 19,950 ஆகும். 14,23,000-ஐ 19,950-ஆல் வகுத்தால் சுமார் 71 ரூபாய் 30 பைசா.

அதாவது 2017 ஜூலையில் டாலர் எழுபத்தொன்றே காலைத் தாண்டியிருந்தால்தான் டாலர் டெபாசிட் நல்லது. போன வருடம் எங்களைக் காப்பாற்ற நின்றது முப்பத்து மூன்று பைசா. இப்போது நிற்பது பதினைந்தே முக்கால் ரூபாய். "டாலர் ஏறாதுன்னு சொல்லலை. ஏறும். பதினஞ்சு ரூபாய்க்கு மேல ஏறுமாங்கிறதுதான் கேள்வி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "வீடு கட்டப்போறது பாளையங்கோட்டையில. செங்கலுக்கும் சிமெண்டுக்கும் ரூபாய்தான கொடுக்கணும்" என்று அவனே சொன்னான். அதுவும் சரிதான். மகனை அமெரிக்காவில் படிக்க வைக்கப்போகிறவன் என்றால், அவன் செலவே டாலரில் இருக்கும். அவன் எனக்கு 71 ரூபாய்க் கணக்கெல்லாம் வேண்டாம், டாலராகவே இருக்கட்டும் என்று சொன்னால் தப்பில்லை. சாப்பாட்டுக்கு நெல் வேண்டியவர் நெல்லாகத்தான் வாங்க வேண்டும். இவனுக்கு வேண்டியது ரூபாய். என்.ஆர்.இ.யிலேயே ஐந்து வருடத்துக்குப் போட்டோம்.

அடுத்த வருடமே சோதனை வந்தது. 2013 மே மாதத்திலிருந்து ரூபாய் விழத் தொடங்கியது. ஆகஸ்ட் 28-ஆம் தேதி டாலர் 68 ரூபாய் 80 பைசாவைத் தொட்டது. அன்று மாலை ஷார்ஜாவிலிருந்து போன். "அத்தான், மறுபடியும் போச்சுல்லா. உடைச்சு டாலரா மாத்திருவமா?"

உடைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொன்னேன். ஒரு வருடம் ஓடியதால் வட்டி கிடைக்கும். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒப்புக்கொண்ட ஒன்பது கிடைக்காது. ஓடிய காலத்துக்கான வட்டியில் அபராதத்தைக் கழித்துத்தான் தருவார்கள். அந்தப் பணத்தில் 68.80-க்கு டாலர் வாங்க வேண்டும். பயத்தின் உச்சியில் வாங்கும் டாலர் அது. நாம் எழுதி வைத்த எண் 71.30. அதுவும் இன்றைக்கு அல்ல, 2017-க்கு. இன்றைய விலை அந்த எண்ணைத் தொடவில்லை; தொட்டாலும் கணக்கு முடியும் நாள் இன்று இல்லை. "தாள எடுத்துப் பாரு மாப்ள" என்றேன். வெளியே இப்படிச் சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளே உதறல்தான். தினமும் காலையில் பேப்பரை விரித்ததும் டாலர் விலையைத்தான் முதலில் பார்த்தேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னரானார். மூன்று வருடத்துக்குக் குறையாத எப்.சி.என்.ஆர். டெபாசிட்டை வங்கிகள் வாங்கிக் கொடுத்தால், மாற்று விலை அபாயத்தை ரிசர்வ் வங்கியே வருடத்துக்கு மூன்றரை சதவீதக் கட்டணத்தில் ஏற்றுக்கொள்ளும் என்றார். வெளிச் சந்தையில் அதற்கு ஆகும் செலவு அதை விட எவ்வளவோ அதிகம். நவம்பர் முடிவுக்குள் இந்த வழியில் மட்டும் சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. அந்த வருடக் கடைசியில் டாலர் அறுபத்திரண்டு ரூபாய்க்கு இறங்கியிருந்தது. 1993-இல் இறக்கி வைத்த சுமையில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கி மறுபடி தன் தோளில் தூக்கியது என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

2017 ஜூலையில் அவன் டெபாசிட் முதிர்ந்தது. அன்று டாலர் அறுபத்து நாலரையை ஒட்டி இருந்தது. கையில் 14 லட்சத்து 23 ஆயிரம். டாலராக மாற்றிப் போட்டிருந்தால் 12 லட்சத்து 85 ஆயிரத்துக்குப் பக்கம். ஒரு லட்சத்து முப்பத்தெட்டு ஆயிரம் கூடுதல். அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட டாலர் 71-ஐத் தொடவில்லை. தொட்டது 2018 ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் அவன் வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, "அப்ப என்.ஆர்.இ.தான் நல்லது" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ரூபாய் எப்போதும் விழும், ஆகவே டாலர்தான் நல்லது என்பதும் சரியல்ல. 2002 நடுவில் டாலர் நாற்பத்து ஒன்பது ரூபாய். 2007 முடிவில் முப்பத்து ஒன்பதரை. அந்த ஐந்தரை வருடம் டாலரைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் டாலர் விலையில் இழந்தார்கள். அப்படி ஒருவர் என் சீட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, "பத்திரம்னு சொன்னாங்களே சார்" என்று கேட்டது நினைவிருக்கிறது. எப்.சி.என்.ஆர். பத்திரம்தான், டாலராகச் செலவழிப்பவருக்கு. ரூபாயாகச் செலவழிப்பவருக்கு அதுவும் ஒரு ஆட்டம்தான்.

பார்க்க வேண்டியது இடைவெளியை. அது காலத்துக்குக் காலம் மாறுகிறது. 2012-இல் ஐந்து சதவீதம் இருந்தது. அமெரிக்காவில் வட்டி ஏறிய பிறகு, 2024 தொடக்கத்தில் ஒரு வருட டாலர் டெபாசிட்டுக்கே ஐந்து சதவீதத்துக்கு மேல் கொடுத்த வங்கிகள் இருந்தன. என்.ஆர்.இ. ஏழு சதவீதத்தை ஒட்டி இருந்தது. இடைவெளி இரண்டுக்கும் கீழே. டாலர் எண்பத்து மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நடுவில் நின்றது ஒன்றரை ரூபாய் சொச்சம்தான். ஒரு வருடம் கழித்து டாலர் எண்பத்தாறைத் தாண்டியிருந்தது. 2011-இல் நான் செய்ததையே, வட்டி எண்ணை மட்டும் பார்த்து அந்த வருடமும் நிறையப் பேர் செய்திருப்பார்கள்.

சாயங்காலம் அண்ணன் மகன் கூப்பிட்டான். அவன் வங்கி சொன்ன இரண்டு வட்டியையும் எழுதச் சொன்னேன். முதிர்வு ரூபாயை முதிர்வு டாலரால் வகுக்கச் சொன்னேன். வந்த எண்ணிலிருந்து அன்றைய டாலர் விலையைக் கழிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரே கேள்வி: "இந்தப் பணத்த எங்க செலவழிக்கப் போற?" பாதி ஊரில் நிலத்துக்கு, பாதி மகள் படிப்புக்கு, அவள் வெளிநாடு போனாலும் போவாள் என்றான். "அப்ப பாதி பாதியாப் போடு. எண்ண மட்டும் தாள்ல எழுதித் தேதி போட்டு வை. நடுவுல பயம் வரும்போது பாக்கணும்" என்றேன். ஊருக்கே திரும்பி வர நினைத்தால் முன்கூட்டிச் சொல் என்றும் சொன்னேன். திரும்பி வந்து இங்கேயே தங்கிவிட்டால் என்.ஆர்.இ. டெபாசிட்டை உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும், அன்றிலிருந்து வட்டிக்கு வரி உண்டு. எப்.சி.என்.ஆரை முதிர்வு வரை அதே வட்டியில் ஓடவிடலாம். திரும்பும் தேதி தெரிந்தால் கணக்கும் மாறும்.

மச்சினன் இப்போது பாளையங்கோட்டையில் அந்த வீட்டில்தான் இருக்கிறான். 2017-இல் வந்த கூடுதல் பணத்தைச் சொல்லி, "அத்தான் கணக்கு தப்பாது" என்று எல்லாரிடமும் சொல்வான். நான் இன்னொரு கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். 2011-இல் அவன் பணம் டாலரிலேயே இருந்து, 2012-இல் ரூபாயாகி ஒன்பது சதவீதத்துக்கு வந்திருந்தால், கடைசியில் கையில் 17 லட்சத்து 62 ஆயிரம் இருந்திருக்கும். முப்பத்து மூன்று பைசாவைப் பார்க்காததால் போனது, ஐந்து வருட வட்டியோடு சேர்ந்து, 3 லட்சத்து 39 ஆயிரம். அவன் வீட்டுக்கு இன்னும் மாடி எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த மொட்டை மாடியைத்தான் நான் பார்க்கிறேன். இதைப் படிக்கும்போது அவனுக்கும் தெரிந்துவிடும்.